மதுரை டிவி திறந்தால் டொராண்டோ டிவி மூடுகிறது

கேள்வி: அம்மா பேரில் நெட்ஃபிளிக்ஸ், 649 ரூபாய் பிளான். மதுரையில் அம்மா, டொராண்டோவில் அக்கா, சிங்கப்பூரில் நான், மூன்று வீட்டிலும் பார்க்கிறோம். ஒருநாள் ஆட்கள் அதிகம் என்கிறது. மறுநாள் லாகின் போட்டால் திரும்பத் திரும்ப அதே பக்கத்துக்கே வருகிறது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிவிட்டோம். என்னதான் செய்வது?

பதில்: பாஸ்வேர்டை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் சுழலில் பாதி அதனால் வந்ததுதான். நீங்கள் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினால் அக்காவின் டிவி பழைய பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டுத் தப்பு என்னும். அவர் 'மறந்துவிட்டது' என்று அழுத்திப் புதிதாக ஒன்று வைப்பார். உடனே மதுரை வெளியே போகும். யார் மேலும் தப்பில்லை, ஆனால் மூன்று பேரும் மாறி மாறிக் கதவைச் சாத்துகிறீர்கள்.

அடுத்தது, திரையில் வருவது எந்த வரி என்று படியுங்கள். "Too many people are using your account right now" என்று வந்தால் அது இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் படங்களின் கணக்கு மட்டுமே. எத்தனை கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது என்பது அங்கே கணக்கே இல்லை. உங்கள் பிளானில் ஒரே நேரத்தில் நான்கு ஓடலாம். மூன்று வீட்டில் நான்கு எப்படி நிறையும் என்கிறீர்களா? அம்மா ரிமோட்டில் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். பின்னால் செருகிய ஸ்டிக்குக்குத் தனி அடாப்டரில் கரண்ட் போகிறது. திரை இருட்டாக இருக்கும், சீரியல் மட்டும் அடுத்தடுத்த எபிசோடாகத் தன்பாட்டில் ஓடும். இன்னும் பார்க்கிறீர்களா என்று அது கேட்டு நிற்கும்வரை ஓர் இடம் போச்சு. அணைக்குமுன் ஹோம் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.

"Your device isn't part of the Netflix Household for this account" என்று வந்தால் கதை வேறு. இது ஆள் எண்ணிக்கை இல்லை, வீடு எது என்ற தகராறு. ஒரு கணக்குக்கு ஒரு வீடு என்று வைத்திருக்கிறார்கள். டிவி எந்த இணைய இணைப்பிலிருந்து பேசுகிறது என்பதைப் பார்த்துத்தான் அந்த வீட்டை முடிவு செய்கிறார்கள். அக்கா டிவியில் வரும் "Update Netflix Household" பட்டனை அழுத்தி, மெயிலில் வரும் சுட்டியையும் யாராவது அழுத்திவிட்டால் கணக்கின் வீடு டொராண்டோவுக்குப் போய்விடும். மறுநாள் மதுரை டிவி 'நீ வெளியாள்' என்னும். அம்மா பதறி அதே பட்டனை அழுத்துவார். இதுதான் இரண்டாவது சுழல். ஃபோனில் படம் ஓடுகிறது, டிவியில் மட்டும் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

2017இல் இதே நிறுவனம் பாஸ்வேர்டைப் பகிர்வதே அன்பு என்று ட்விட்டரில் எழுதியது. 2023 ஜூலையில் இந்தியாவிலும் அன்புக்குப் பூட்டு போட்டார்கள். பூட்டினால் பரவாயில்லை, எங்கே பூட்டினோம் என்பதை மதுரை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி திரையில் ஒரு வரி எழுதக்கூடாதா?

கணினியில் சரியான பாஸ்வேர்டைப் போட்டும் லாகின் பக்கமே திரும்ப வந்தால் அது குக்கீ கோளாறு. netflix.com/clearcookies என்று அடித்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள். டிவியில் சிக்கினால் ரிமோட்டில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, அப்புறம் நான்கு முறை மேல். வெளியேறும் பட்டன் உள்ள திரை வரும்.

இப்போது நான் அதிகம் பயப்படும் விஷயம். உங்கள் கணக்கின் மெயில் முகவரி யாருடையது? எங்கள் பெரியப்பா வீட்டில் டிவி மாட்ட வந்த பையன், "ஐயா, நானே செட் பண்ணித் தர்றேன்" என்று தன் மெயிலையே கொடுத்துக் கணக்கைத் திறந்துவிட்டுப் போய்விட்டான். பணம் பெரியப்பாவுடையது, சரிபார்க்கும் குறியீடு போவது அவனுக்கு. கருவிகளின் பட்டியலில் பார்த்தால் எங்களுக்குத் தெரியாத டிவிகள் இரண்டு! அவன் அந்த இடங்களை வெளியே விற்றிருந்தான். வாட்ஸ்அப்பில் 'ஒரு ஸ்க்ரீன் மலிவு விலை' என்று வருபவை பலவும் இப்படிப்பட்டவைதான். அதை வாங்கினால் இதே பிழையைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். கூகுளில் கிடைக்கும் ஏதோ ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அழைத்துக் குறியீட்டைச் சொல்வதும், விபிஎன் போட்டால் தீரும் என்பவரிடம் சந்தா கட்டுவதும் இதே ரகம். விபிஎன் உங்கள் வீடு எங்கே என்ற குழப்பத்தை இன்னும் கூட்டத்தான் செய்யும்.

ஆகவே கணக்குப் பக்கத்தில் முதலில் மெயிலையும் ஃபோன் எண்ணையும் பாருங்கள். அப்புறம் "Manage Access and Devices" திறந்தால் எந்தக் கருவி, எந்த ஊர்ப் பக்கம், கடைசியாக எப்போது என்று வரும். ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும், மதுரைக்குப் பதில் சென்னை என்று காட்டினால் பதற வேண்டாம். யாருடையது என்றே தெரியாததை மட்டும் வெளியேற்றுங்கள்.

மூன்று நாட்டு டிவியையும் ஒரே கணக்கில் வைத்திருக்க ஏதாவது செட்டிங் உண்டா என்றால், இல்லை. கூடுதல் ஆளைக் காசு கட்டிச் சேர்க்கும் வசதியும் கணக்கு இருக்கும் அதே நாட்டுக்குள்தான். அக்காவும் நீங்களும் அந்தந்த ஊரில் தனிக் கணக்கு எடுக்க வேண்டியதுதான். பார்த்த வரலாறு போய்விடும் என்ற கவலை வேண்டாம், உங்கள் புரொஃபைலைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, அது அம்மாவுக்கு. அக்கா வீட்டுக்கு ஆறு மாதம் போகிறார் என்றால் அவர் வெளியாள் இல்லை, பயணி. கிளம்புமுன் மதுரை வைஃபையில் தன் டேப்லெட்டில் ஒருமுறை நெட்ஃபிளிக்ஸைத் திறந்து ஏதாவது பார்க்கட்டும். டொராண்டோ போனதும் அங்குள்ள வைஃபையில் அதே டேப்லெட்டில் திறக்கட்டும். அக்கா வீட்டு டிவியில் பார்க்க வேண்டுமானால் "Watch Temporarily" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், "Update" பக்கம் கை போகக்கூடாது. தற்காலிகக் குறியீடு மெயிலுக்கோ ஃபோனுக்கோ வரும், 15 நிமிடத்தில் காலாவதி. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். அம்மாவின் இந்திய சிம் ரோமிங் இல்லாமல் பெட்டியில் கிடந்தால் குறுஞ்செய்தி வராது. ஃபோன் மதுரையில் அப்பாவிடம் இருந்தால், டொராண்டோவில் மாலை ஐந்தரைக்கு அனுப்பிய குறியீடு இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, அப்பா எழுவதற்குள் செத்துவிடும். அம்மா தன் கையிலுள்ள டேப்லெட்டிலேயே திறக்கக்கூடிய மெயில்தான் கணக்கில் இருக்க வேண்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் இரண்டு புரொஃபைல்களையும் மாற்றுங்கள், பிறகு பாஸ்வேர்டைக் கடைசியாக ஒருமுறை மாற்றி எல்லோரையும் வெளியேற்றுங்கள், கடைசியில் மதுரை டிவியில் வீட்டை உறுதிசெய்யுங்கள். ஞாயிறு இந்திய நேரம் இரவு ஏழரைக்கு மூவரும் ஃபோனில் இணைந்து செய்யலாம். கோடையில் அப்போது டொராண்டோவில் காலை 10 மணி, சிங்கப்பூரில் இரவு 10.