கவுன்சிலர் ரூமுக்குப் போற வழி

வணக்கம். நான் ஹைஸ்கூல் டீச்சர். எங்க ஸ்கூல்ல கவுன்சிலர் இருக்காங்க, ஆனா பசங்க யாரும் தானா போறதில்ல. போனா 'மெண்டல்'னு கிண்டல் பண்ணுவாங்கன்னு பயம். விழிப்புணர்வுக் கூட்டம் போட்டும் ஒண்ணும் மாறல. வேற என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

கூட்டத்த விடுங்க, ஒரு பையன் அந்த ரூமுக்கு எப்படிப் போறான்னு முதல்ல பாருங்க. நிறைய ஸ்கூல்ல கிளாஸ் நடக்கும்போதே சீட்டு வரும், டீச்சர் பேரச் சத்தமா படிப்பாங்க, மொத்த கிளாஸும் அவனத் திரும்பிப் பாக்கும். அதுவும் யாருக்கு வருது அந்தச் சீட்டு, சண்ட போட்டவனுக்கும் மார்க் கொறஞ்சவனுக்கும்தான், அப்புறம் எப்படி தானா போவான்?

டெர்ம் ஆரம்பத்துலயே ரோல் நம்பர் வரிசையில எல்லாரையும் ஆளுக்குப் பத்து நிமிஷம் கவுன்சிலர் பாக்கட்டும். தூக்கம் எப்படி, யார்கூட சாப்புடுற, இவ்வளவு கேட்டாப் போதும். எல்லாரும் போயிட்டு வந்த ரூம்னா கிண்டல் பண்ண என்ன இருக்கு. பெரிய ஸ்கூல்ல இதுக்கே மாசக்கணக்கு ஆகும், அதனால எட்டாவது ஒம்பதாவதுல ஆரம்பிங்க. மனநலப் பிரச்சனைகள்ல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சுடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அடுத்தது, பசங்க வாய்விட்டுக் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு: "வீட்ல சொல்லிடுவீங்களா?" இதுக்கு கவுன்சிலர் முதல் சந்திப்புலயே இப்படிப் பதில் சொல்லிடணும்: நீ சொல்றது வெளிய போகாது, ஆனா உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்னக் கொடுமப்படுத்துறாங்கன்னா நான் சொல்லித்தான் ஆகணும், யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன். எதையுமே சொல்ல மாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணக் கூடாது. ஸ்டாஃப் ரூம்ல ஒரு பேச்சு கசிஞ்சாலும் அப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க.

உங்க பங்குக்கு வர்றேன். ஒரு பொண்ணு திங்கக்கெழம ஆனா வயித்து வலின்னு படுத்துடுறா, டாக்டர் பாத்தா ஒண்ணும் இல்லங்கறார்னு வைங்க. நடிக்கிறான்னு நெனைக்காதீங்க, பதட்டத்துல வர்ற வலியும் நெஜ வலிதான். தனியா கூப்பிட்டு "என்ன பிரச்சனை உனக்கு"ன்னு கேக்காம, பாத்தத மட்டும் சொல்லுங்க: "மூணு வாரமா திங்கக்கெழம படுத்துடுறம்மா, டிபன் பாக்ஸும் அப்படியே இருக்கு, ராத்திரி தூக்கம் வருதா?" அப்புறம் பேசாம இருங்க. மொத தடவ "ஒண்ணுமில்ல மிஸ்"னுதான் சொல்லுவா, அடுத்த வாரமும் கேளுங்க. தூக்கம் கெட்டு, புடிச்ச வேலையெல்லாம் விட்டு, ஒதுங்கியே ரெண்டு வாரம் தாண்டிச்சுன்னா கவுன்சிலர்கிட்ட நீங்களே கூடப் போங்க.

வாழவே புடிக்கலங்கற மாதிரி பேசுனா, செத்துடலாம்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்குறதால அந்த எண்ணம் வராது, கேக்க ஆள் இருக்குன்னுதான் தெரியும். ஆமான்னு சொன்னா அந்த நிமிஷத்துலேர்ந்து அவளத் தனியா விடாதீங்க, கவுன்சிலரும் வீட்டுக்காரங்களும் வந்து அவங்ககிட்ட அவள ஒப்படைக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க, அடுத்த பீரியட யாராவது பாத்துக்குவாங்க.