'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யை எப்போது விடுவது?

கேள்வி: திருப்பூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். லண்டன் பையருக்கு எழுதும் எல்லா மின்னஞ்சல்களையும் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்றே முடிக்கிறேன். அவர் வெறும் 'பெஸ்ட்' என்று முடிக்கிறார். நானும் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்; ஆனால் ஒரே தாவலாக 'பெஸ்ட்'டுக்குப் போக வேண்டாம். பிரிட்டிஷ் கடித மரபில் முடிப்புச் சொல் தொடக்க விளியோடு பிணைந்தது. பெயர் தெரியாதவரை 'டியர் சர்' என்று விளித்தால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' வரும். 'மிஸ்டர்' சேர்த்துக் குடும்பப் பெயரால் விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' வரும். அவரை நீங்கள் முதற்பெயரால் விளித்துவிட்டு 'ஃபெய்த்ஃபுல்லி' என்று முடித்தால், மேலே நண்பரும் கீழே அந்நியரும் எழுதியதுபோல் இருக்கும். முதற்பெயர் விளிக்குப் பொருத்தமானது 'கைண்ட் ரிகார்ட்ஸ்'. சில ஆர்டர்கள் முடிந்து, அவரே இரண்டு வரியில் எழுதத் தொடங்கிய பிறகு 'பெஸ்ட்' போதும். நெருக்கத்தை முதலில் காட்டும் உரிமையைப் பையரிடம் விட்டு, ஒரு படி பின்னால் நடப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

உண்மையில் வேலையை நடத்துவது முடிப்புச் சொல் அன்று, அதற்கு மேலுள்ள வரிதான். சாய நிறத்தைக் காட்டும் மாதிரித் துணியான லேப் டிப்பை அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் அலுவலகங்களில் உடனே 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' என்று எழுதிவிடுவோம். பிரிட்டனில் வழக்கொழிந்துபோன தொடர் அது. தவிர, எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்வதில்லை. 'தாங்க்ஸ் இன் அட்வான்ஸ்' என்பதோ, மறுக்க இடமில்லாமல் கட்டளையிடுவதாகச் சிலருக்குப் படும். மாறாக, 'நிறம் குறித்த உங்கள் கருத்தை வியாழனுக்குள் தெரிவிக்க இயலுமா? வெள்ளியன்று சாயமேற்றத் துணியை அனுப்ப அது உதவும்' என்ற பொருளில் எழுதினால், கோரிக்கை, நாள், காரணம் மூன்றும் மரியாதையோடு அமைந்துவிடுகின்றன. முதல் மின்னஞ்சலானால் கேள்வி வடிவம் பொருந்தும். பழகியவரானால் 'வியாழனுக்குள் சொன்னால் போதும்' என்று சுருக்கலாம்.

பணம் நிலுவையில் இருக்கும்போது பலரும் திடீரென்று 'ஃபெய்த்ஃபுல்லி'க்குத் திரும்புகிறார்கள். 'பெஸ்ட்' என்று எழுதிவந்தவர் இப்படி மாறினால், அடுத்து வழக்கறிஞர் கடிதம் வரப்போகிறது என்று பையர் எண்ணக்கூடும். அந்த நோக்கம் இல்லையென்றால் 'ரிகார்ட்ஸ்' வரை ஒரு படி மட்டும் ஏறி, கண்டிப்பை இன்வாய்ஸ் எண்ணும் தவணை நாளும் உள்ள இறுதி வரியில் வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். தானாகச் சேரும் கையொப்பத்தில் 'வார்ம் ரிகார்ட்ஸ்' என்று பதிந்து வைத்திருந்தால், நிலுவை நினைவூட்டலின் அடியிலும் அது வந்து நிற்கும். நீங்கள் தட்டச்சு செய்ததோடு சேர்ந்து இரண்டு முடிப்புகளும் ஆகிவிடும். கையொப்பத்தில் பெயர், பதவி, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, முடிப்புச் சொல்லை ஒவ்வொரு முறையும் கையால் எழுதுங்கள்.