பிடிஎஃப்பில் ஏற மறுக்கும் எழுத்துரு: ‘அன்லாக்’ செய்யக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: அப்பாவின் கவிதைகளை 120 பக்க நூலாக வேர்டில் அமைத்து, பிடிஎஃப் பிரிண்டர் மென்பொருள் வழியாக பிடிஎஃப் ஆக்கினேன். எழுத்துரு டிடிபி கடையில் வாங்கிய சிடியில் இருந்தது. என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. அச்சகத்தில் திறந்தால் ‘தமிழ்’ என்ற இடத்தில் jkpo; என்று வருகிறது. ‘ஃபான்ட் எம்பெட் ஆகவில்லை’ என்கிறார்கள். 500 ரூபாய் கொடுத்தால் எழுத்துருவை அன்லாக் செய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் விற்கும் உரிமை அவருடையது அல்ல.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். உங்கள் எழுத்துரு பாமினி வகையைச் சேர்ந்தது. கோப்பில் உண்மையில் இருப்பவை j, k, p, o என்ற ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு. அது உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருப்பதால் உங்களுக்குத் தமிழ் தெரிகிறது. அச்சகக் கணினியில் அது இல்லை, பிடிஎஃப்புக்குள்ளும் இல்லை. அதனால் வேறோர் ஆங்கில எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

நீங்களே இதைச் சோதிக்கலாம். அடோபி ரீடரில் பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+D அழுத்தி, Fonts என்ற பகுதிக்குப் போங்கள். ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கு அருகிலும் Embedded அல்லது Embedded Subset என்று இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் அந்த எழுத்துரு உள்ளே போகவில்லை.

ஏன் போகவில்லை? ஒவ்வோர் எழுத்துருக் கோப்புக்குள்ளும் fsType என்ற சின்ன எண் ஒன்று இருக்கிறது. அதை எழுதுபவர் எழுத்துருவைச் செய்தவர். 0 என்றால் தாராளமாக உட்பொதிக்கலாம், அதாவது எம்பெட் செய்யலாம். 8 என்றால் உட்பொதித்த ஆவணத்தைத் திருத்தவும் செய்யலாம். 4 என்றால் பார்க்கவும் அச்சிடவும் மட்டும்; உங்கள் வேலைக்கு அதுவே போதும். 2 என்றால், உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்காமல் உட்பொதிக்கக் கூடாது. பிடிஎஃப் செய்யும் மென்பொருள் இந்த எண்ணைப் படித்து, 2 இருந்தால் எழுத்துருவை வெளியே விட்டுவிடுகிறது. பல மென்பொருள்கள் இதை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. பணம் கொடுத்து அச்சடிக்கப் போகிறவர் அச்சக வாசலில்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அநியாயம்.

விண்டோஸில் Fonts கோப்புறையை Details பார்வையில் திறந்து, Font embeddability என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டால் எண் இல்லாமல் சொல்லாகவே தெரியும். உங்களுடையதில் Restricted என்று இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கடைக்காரர் விஷயம். அவர் செய்யப்போவது 2 என்ற எண்ணை 0 ஆக மாற்றுவது. ஒரு நிமிட வேலை. அந்த எண் உண்மையில் பூட்டே அல்ல. அமெரிக்காவில் அக்ஃபா மோனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் அடோபி மீது தொடுத்த வழக்கில், 2005இல் நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: இந்த எண்ணை, அணுகலைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடாகக் கொள்ள முடியாது. ஆனால் பூட்டு இல்லாததால் உரிமை வந்துவிடாது. உரிமை இருப்பது உரிமப் பத்திரத்தில். எண் அதைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்பு மட்டுமே, வீட்டு வாசலில் மாட்டிய ‘அனுமதி இல்லை’ பலகை மாதிரி. பலகையைக் கழற்றினால் வீடு உங்களுடையதாகிவிடுமா?

இன்னொன்றும் கேளுங்கள். ‘ஆயிரம் தமிழ் எழுத்துரு’ என்று விற்கும் சிடிகளுக்கு ரசீது உண்டா, உரிமப் பத்திரம் உண்டா? கடைக்காரரிடம் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். தரமாட்டார். அவரிடம் இருக்காது. எங்கோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த எழுத்துகளை ஒரு முறை திருட்டுத்தனமாக விற்று, அதையே அன்லாக் என்று இரண்டாம் முறை விற்கிறார்கள். நூல் வெளிவந்த பிறகு எழுத்துருக்காரர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், கடைக்காரர் அல்ல.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய தமிழ் எழுத்துருக்களில் இதற்கு வாய்ப்பு உண்டு. உரிமம் உட்பொதிக்க அனுமதிக்கும். ஆனால் எண் தவறுதலாக 2 என்று இருக்கும். எழுத்துருவைச் செய்தபோது அந்த இடத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரே குடும்பத்தில் சாதாரண எழுத்து ஏறுகிறது, தடித்த எழுத்து மட்டும் ஏற மறுக்கிறது என்றால் சந்தேகிக்கலாம். எழுத்துருவோடு வந்த உரிமக் கோப்பு ‘ஆவணங்களில் உட்பொதிக்கலாம்’ என்று சொன்னால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் நீங்களே எண்ணைத் திருத்த வேண்டாம். பல உரிமங்கள் உட்பொதிக்க விடும், கோப்பைத் திருத்த விடாது. செய்தவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, திருத்திய கோப்பைக் கேளுங்கள். அவர் எழுத்தில் தரும் அனுமதியைச் சேமித்து வையுங்கள். எதிர்த் திசையிலும் இது நடக்கும்: எண் 0, உரிமமோ ‘விற்பனை நூலுக்குத் தனிக் கட்டணம்’ என்று சொல்லும். அப்போது உரிமம் சொல்வதுதான் கணக்கு.

வேர்டிலேயே நேராக பிடிஎஃப் ஆக்கிப் பார்த்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சிலர் மகிழ்வார்கள். அதில் ஒரு பொறி. உட்பொதிக்க முடியாத எழுத்துகளை வேர்ட் படமாக மாற்றிவிடலாம். 400% பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும், சுட்டியால் வரியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அட்டைத் தலைப்புக்கு ஓரளவு ஒப்பேறலாம், கவிதை வரிகளுக்கு ஆகாது. அப்புறம், வேர்ட் அமைப்புகளில் உள்ள Embed fonts in the file என்ற கட்டம் வேர்ட் கோப்புக்கானது. அதை டிக் செய்தால் உங்கள் பிடிஎஃப் சரியாகாது.

சிடி எழுத்துருவை விட்டுவிடுங்கள். உங்களுக்கு நேர்வழி யூனிகோடுதான். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்றவை ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உட்பொதிக்கலாம், நூலை விற்கலாம், நூல் உங்களுடையதாகவே இருக்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னமும் பாமினி வகையில் கோப்பு கேட்கும் அச்சகங்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் உரையைப் போட்டு யூனிகோடாக்குங்கள். ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். இடையில் டைம்ஸ் எழுத்துருவில் ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், அவையும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். பிறகு அப்பாவின் கையெழுத்துப் படியோடு ஒரு முறை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். வரிகள் உடையும் இடம் மாறும் என்பதால் 120 பக்கம் கூடலாம், குறையலாம். பொருளடக்கப் பக்க எண்களையும் சரிபாருங்கள்.

வேர்டில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது Options-இல் PDF/A என்று வரும் கட்டத்தை டிக் செய்யுங்கள். அந்த வகையில் எல்லா எழுத்துருக்களும் உள்ளே இருந்தாக வேண்டும். பிறகு Ctrl+D. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரோடும் Embedded என்று இருந்தால் அச்சகத்துக்கு அனுப்பலாம். முழுப் பிரதிகளையும் ஓட்டுவதற்கு முன் அவர்கள் கணினியிலிருந்து இரண்டு பக்கம் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றில் தடித்த தலைப்பு இருக்கட்டும், இன்னொன்றில் ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் வரட்டும்.