அரிச்சல்முனை ரீல், ராமேஸ்வரம் என்று காட்டினால்

"தனுஷ்கோடி ரீல் போட்டேன், லொக்கேஷன் ராமேஸ்வரம்னு விழுந்திருக்கு. எப்போ போகணும்னு கமெண்ட்ல கேக்கிறாங்க. அழிச்சிட்டு மறுபடி போடணுமா?"

அழிக்க வேண்டாம். ரீலைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு, Edit போய் இடத்தை மட்டும் மாற்றுங்கள். கேப்ஷனையும் அங்கேயே திருத்தலாம். வீடியோ மேல் பதித்த எழுத்தை மட்டும் இனி மாற்ற முடியாது.

லாட்ஜ் அறைக்குத் திரும்பிய பிறகு பதிவேற்றியிருப்பீர்கள். போன் அப்போது இருந்த இடத்தை ஒட்டியே ஊர்ப் பெயர்கள் வரும். தனுஷ்கோடியின் கடைசி முனைக்கு அரிச்சல்முனை என்று பெயர், தேடலில் அதைத் தட்டுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று வரும். ஒன்றைத் தேர்ந்து சேமித்தபின் ரீலில் அந்தப் பெயரைத் தொட்டு வரைபடத்தைப் பாருங்கள். புள்ளி சாலை முடிகிற முனையில் நிற்க வேண்டும். இடிந்த தேவாலயம் அதற்குச் சில கிலோமீட்டர் முன்பே வந்துவிடும், அதைக் குறித்துவிடாதீர்கள்.

கேப்ஷனில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது என்று எழுதுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல் எச்சரிக்கை வந்தால் வழியை அடைத்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மணல் காலைச் சுடும், ஒதுங்க மர நிழல் கிடையாது.

அப்புறம், காலையிலேயே போகச் சொல்லுங்கள். மாலையானதும் திருப்பி அனுப்புவார்கள். அந்த நேரம் அவ்வப்போது மாறும், அதனால் மணி குறிப்பிடாமல் "அன்று சோதனைச்சாவடியில் கேளுங்கள்" என்று போடுவதே சரி.

முனையில் நீரோட்டம் பலமானது, குளிக்க இறங்கக் கூடாது. உங்கள் ரீலில் யாராவது இடுப்பளவு நீரில் நிற்கிற காட்சி இருந்தால் மட்டும், அழித்துவிட்டு அதை வெட்டி மறுபடி போடுங்கள்.