என்டிசி கிணற்றிலும் சிடி வருகிறதே: ரியல்-டைம் பிசிஆர் கேள்வி-பதில்

டெம்ப்ளேட் போடாத என்டிசி கிணற்றில் சிடி 36 வருகிறது. சாம்பிள்களில் 24. ரன்னைத் தூக்கிப் போடவா?

பொறுங்கள், முதலில் மெல்ட் கர்வைப் பாருங்கள். சைபர் கிரீனுக்கு ஆள் பேதம் தெரியாது, இரட்டை இழையாக எது இருந்தாலும் ஒட்டிக்கொண்டு ஒளிரும், அதனால் 36 என்ற எண்ணை மட்டும் வைத்து அது என்னவென்று சொல்ல முடியாது. சாம்பிளில் 85 டிகிரியில் ஒரே கூர்மையான முகடு, என்டிசியில் 76 டிகிரியில் தட்டையாக ஒன்று என்றால் அது பிரைமர் டைமர். குட்டையான துண்டு என்பதால் சீக்கிரம் உருகிவிடுகிறது. 12 சுழற்சி இடைவெளி என்பது ஏறக்குறைய 4,000 மடங்கு, அந்தச் சாம்பிள்களுக்குக் கவலையில்லை. ஆனால் ஏதாவது ஒரு சாம்பிள் 33-இல் வந்தால் அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். பிரைமர் அளவைக் குறைத்தோ அனீலிங் வெப்பநிலையை ஏற்றியோ பாருங்கள். என்டிசியிலும் முகடு அதே 85-இல் நின்றால் கதை வேறு: பெரும்பாலும் மாசு கலந்திருக்கிறது, தண்ணீரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் புதிதாக எடுங்கள்.

முகடு இரண்டாக வந்தால் பொருளும் இரண்டுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜிசி அதிகமுள்ள பகுதி ஒரு துண்டுக்குள் இருந்தால் அதுவே இரண்டு கட்டமாக உருகும். அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள், ஒரே பட்டை என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஒரே முகடு வந்துவிட்டதாலேயே ஒரே பொருள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, சில நேரம் இரண்டு துண்டுகள் ஒரே வெப்பநிலையில் உருகும்.

எஃபிஷியன்சி 110% வருகிறது. நூற்றுக்கு மேல் எப்படி?

ஒரு சுழற்சியில் இரட்டிப்புக்கு மேல் பெருகாது, எனவே தப்பு கோட்டில்தான். உங்கள் பத்து மடங்கு நீர்த்தல் வரிசையில் சிடி 19.6, 21.9, 25.2, 28.5, 31.8 என்று இருக்கிறது. முதல் இடைவெளி மட்டும் 2.3, மற்றதெல்லாம் 3.3. நீர்க்காத சாம்பிளில் பிரித்தெடுக்கும்போது தங்கிய பீனாலோ உப்போ நொதியை மந்தமாக்கி, 18.6 அளவில் வர வேண்டியதை ஒரு சுழற்சி தள்ளிவிட்டிருக்கிறது. நீர்க்க நீர்க்க அந்தத் தடை கரைந்துவிடுகிறது. ஐந்தையும் சேர்த்தால் சாய்வு -3.10, `10^(-1/slope) - 1` போட்டால் 110%. முதல் புள்ளியை எடுத்துவிட்டால் சாய்வு -3.30, அதாவது 101%. அப்புறம், கோடு அழகாக வரட்டும் என்று அந்தப் புள்ளியை அழித்துவிட்டு சாம்பிள்களை மட்டும் நீர்க்காமலே ஓட்டாதீர்கள், அவற்றையும் பத்து மடங்கு நீர்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

வேறொரு ஆய்வகத்தில் சிடி 22, எங்களிடம் 24. யார் சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். திரெஷோல்டு கோட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினாலே சிடி கூடிவிடும். கருவி, கலவை எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். லாக் அளவில் கோடுகள் இணையாக ஏறும் இடத்தில் திரெஷோல்டை வைத்து, ஒரே ரன்னுக்குள் ஒப்பிடுங்கள்.