வீட்டு ஆர்ஓ மெஷினில் சர்வீஸ், ஃபில்டர் செலவெல்லாம் சேர்த்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்ன விலைக்கு வருகிறது? கேன் தண்ணீரே லாபமா?

நாளுக்கு 15 லிட்டர் பிடிக்கும் வீட்டில் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். 6 லிட்டர் மட்டும் பிடிக்கும் வீட்டில் மூன்று ரூபாய்க்கு மேல். சென்னையில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும் எங்கள் வீட்டுக் கணக்கைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

மெஷினின் விலை 14,000 ரூபாய். ஏழு ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 2,000. வெளியே மாட்டும் ப்ரீ ஃபில்டரின் கேண்டிலை ஆண்டுக்கு மூன்று முறை மாற்ற 600, உள்ளே இருக்கும் செடிமென்ட், கார்பன் ஃபில்டர்களுக்கு 1,200, உப்பை வடிகட்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் 2,400 ரூபாய் மெம்பிரேனில் ஓராண்டுப் பங்கு 1,200, மெக்கானிக் மூன்று முறை வந்து போக 1,200. மொத்தம் 6,200 ரூபாய். நாளுக்கு 15 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 5,475 லிட்டர் பிடிப்பதால், லிட்டருக்கு 1.13 ரூபாய் ஆகிறது. கரண்ட் செலவு இரண்டு பைசாதான். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவுநீர் வெளியேறுகிறது. லாரித் தண்ணீர் லிட்டர் 10 பைசா என்றால் அதற்கு 30 பைசா சேரும். ஆக 1.45 ரூபாய்.

6 லிட்டர் மட்டும் பிடிக்கும் வீட்டிலும் அந்த 6,200 ரூபாய் பெரிதாகக் குறையாது. தண்ணீர் குறைவாக ஓடினாலும், ஈரத்திலேயே கிடக்கும் கார்பனில் கிருமி வளரும் என்பதால் அதைக் காலக்கணக்கில் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டில் லிட்டர் 3.15 ரூபாய் ஆகிவிடுகிறது. 20 லிட்டர் கேன் 40 ரூபாய்க்கு வீடு தேடி வரும் பகுதியில், ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பணக்கணக்கில் கேன்தான் மலிவு.

செலவைக் குறைக்க இடமிருப்பது மெம்பிரேனிலும் மெக்கானிக் வருகையிலும்தான். மெம்பிரேனைத் தேதி பார்த்து மாற்றாமல், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து பார்த்து மாற்ற வேண்டும். உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ் 900 என்றால், நல்ல மெம்பிரேனிலிருந்து வருவது 90க்குள் இருக்கும். அது 180ஐ நெருங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இதை மெஷின் குழாயில் பிடித்த தண்ணீரில் அளந்தால் தவறான முடிவுக்கு வருவோம். பல மெஷின்களில் டிடிஎஸ் அட்ஜஸ்டர், மெம்பிரேன் வழியே போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடுவதால் நல்ல மெம்பிரேனே கெட்டுப்போனதுபோல் தெரியும். மெம்பிரேனிலிருந்து வரும் மெல்லிய டியூபைக் கழற்றி, முதல் சில நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிறகு அளக்கச் சொல்லுங்கள். இப்படிப் பார்த்ததில் எங்கள் மெம்பிரேன் மூன்றாம் ஆண்டும் நன்றாகவே ஓடுகிறது.

வெளிக் கேண்டிலை நாமே மாற்றலாம். வெள்ளைக் கேண்டில் செம்மண் நிறமாகி, டேங்க் நிரம்ப வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தால், இன்லெட் வால்வை மூடிவிட்டுக் கேண்டில் இருக்கும் கிண்ணத்தை அதனுடன் வரும் ஸ்பேனரால் திருகிக் கழற்றி, புதியதைப் போட்டு, ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்ததா என்று பார்த்து மூட வேண்டும். இதனால் மெக்கானிக் வருகையில் இரண்டு குறையும். மெம்பிரேன் மூன்று ஆண்டு உழைப்பதையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் மிச்சம். 15 லிட்டர் வீட்டில் அது லிட்டருக்கு 22 பைசா, 6 லிட்டர் வீட்டிலோ 55 பைசா.