கட்டிலில் சரிந்த நோயாளியை மேலே நகர்த்துவது எப்படி?

கேள்வி: "ராயப்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருடமாக வார்டு உதவியாளராக இருக்கிறேன். கட்டிலில் கீழே சரிந்துவிடும் நோயாளிகளை, ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மேலே ஏற்றுகிறோம். நைட் டியூட்டி முடிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பெல்ட் கட்டினால் சரியாகிவிடுமா? வேறு முறை இருக்கிறதா?"

பதில்: பெல்ட் உங்களைக் காப்பாற்றாது. அமெரிக்க அரசின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 1994இல் இதை ஆராய்ந்தது. காயம் இல்லாத தொழிலாளியின் முதுகை பெல்ட் பாதுகாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே அது சொன்னது. பெல்ட் கட்டியவர் தன்னால் இன்னும் அதிகம் தூக்க முடியும் என்று நம்பிவிடுகிறார் என்பதுதான் நான் வார்டுகளில் காணும் ஆபத்து. மாற வேண்டியது அக்குளில் கை கொடுக்கும் பழக்கம்.

அந்த நிலையில் உங்கள் உடலைச் சற்றுக் கவனியுங்கள். இடுப்பு முன்னால் வளைந்திருக்கிறது, கைகள் உடலைவிட்டு நீண்டிருக்கின்றன, முகம் நோயாளியைப் பார்க்கிறது, ஆனால் இழுப்பது தலைமாட்டை நோக்கி என்பதால் முதுகு திருகியும் இருக்கிறது. பாரம் உடலைவிட்டு எவ்வளவு விலகுகிறதோ, அதற்கேற்ப அடிமுதுகின் தசைகள் பல மடங்கு இழுத்துப் பிடிக்க வேண்டும், அந்த இழுவையில் பெரும்பகுதி, முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் இடுப்பின் கடைசி இரண்டின் மேல் விழுகிறது. ஒருவர் கையால் தூக்கும் பாரம், நிலைமை எல்லாம் சாதகமாக இருந்தாலும், ஏறத்தாழ 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது நோயாளிகளைக் கையாளுவதற்கென்று 2007இல் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு. 70 கிலோ நோயாளியை இருவர் பகிர்ந்து தூக்கினாலும் ஆளுக்கு 35 கிலோ வருகிறது. ஆகவே நோயாளியைத் தூக்கவே கூடாது, மெத்தை மேலேயே வழுக்கி நகர்த்த வேண்டும்.

அதற்கும் முன்னால், அவர் ஏன் சரிகிறார் என்று பாருங்கள். கால்மாட்டில் கைப்பிடி சுழற்றும் ஃபௌலர் கட்டிலில், பலர் தலைப்பகுதியை மட்டும் உயர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ரெக்ஸின் மெத்தை சறுக்குப் பலகை ஆகிவிடுகிறது. முதலில் முட்டிப் பகுதியைச் சற்று உயர்த்தி, பிறகு தலைப்பகுதியை உயர்த்தினால், தொடை தடுப்பாக நின்று உடல் கீழே இறங்குவது வெகுவாகக் குறையும். இது ஒன்றை வழக்கமாக்கினாலே ஒரு இரவில் நீங்கள் இழுக்கும் தடவைகள் குறையும் என்பதால், நான் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இனி ஒரு நோயாளியை வைத்தே முறையைப் பார்ப்போம். 62 வயது, 78 கிலோ, பக்கவாதத்தால் இடது கையும் காலும் வேலை செய்யவில்லை, வலது பக்கம் நன்றாக இருக்கிறது, சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது, மூக்கு வழியாக உணவு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவரை அக்குளில் பிடித்து இழுத்தால், தசைகள் இறுக்கிப் பிடிக்காத அந்த இடது தோள் மூட்டு நழுவிவிடக்கூடும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கலாம்.

முதலில் ஸ்டாஃப் நர்ஸிடம் கேளுங்கள். உணவு ஏறிக்கொண்டிருக்கும்போது கட்டிலைச் சமமாக்கினால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும் என்பதால், அதை நிறுத்திய பிறகுதான் தலைப்பகுதியை இறக்க வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவரையும் தலைக்காயம் உள்ளவரையும் படுக்கவைக்கலாமா என்பது உங்கள் முடிவு அல்ல. அனுமதி கிடைத்ததும் சக்கரப் பிரேக்கைப் போடுங்கள், சிறுநீர்ப் பை, சலைன் குழாய் எதுவும் கட்டில் கம்பியில் சிக்காமல் நீளம் இருக்கிறதா பாருங்கள், தலையணையை எடுத்துத் தலைமாட்டுப் பலகையின் மேல் சாய்த்து வையுங்கள். தலை இடித்தாலும் தலையணையில்தான் படும்.

தோளிலிருந்து தொடை வரை நோயாளிக்குக் கீழே டிரா ஷீட் இருக்க வேண்டும். சென்னை வெக்கையில், முதுகு வியர்த்து ஷீட் தோலோடும், கீழிருக்கும் மெக்கின்டாஷோடும் ஒட்டிக்கொள்கிறது. அப்போது நீங்கள் இழுப்பது நோயாளியை மட்டுமல்ல, அந்த ஒட்டுதலையும்தான். அவரை ஒரு பக்கமாகத் திருப்பி, நனைந்த ஷீட்டை மாற்றிக் காய்ந்ததைப் போட்ட பிறகு நகர்த்துங்கள். ஈரத் துணியோடு இழுத்தால் அவருடைய வால் எலும்பின் மேல் தோல் உராய்ந்து புண்ணாகவும் ஆகும். வழுக்கு விரிப்பு இருந்தால் மிக நல்லது. அது இல்லாத இடங்களில், சுத்தமான பெரிய பாலித்தீன் உறையை டிரா ஷீட்டுக்கு அடியில் வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதை உருவிவிட வேண்டும். விட்டுவிட்டால் நோயாளி மறுபடியும் வழுக்குவார், வியர்வையும் தேங்கும்.

கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். உயரம் மாறாத பழைய கட்டில் என்றால், முட்டியை மடக்கி, தொடையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி நில்லுங்கள், முதுகை வளைத்து ஈடுகட்ட வேண்டாம். இருவரும் எதிரெதிராக, நோயாளியின் இடுப்புக்கு நேராக நிற்க வேண்டும். தலைமாட்டுப் பக்கத்துக் கால் முன்னால், மற்றது பின்னால், முன்கால் விரல்கள் தலைமாட்டை நோக்கி இருக்கட்டும். ஷீட்டின் ஓரத்தை நோயாளியின் உடலை ஒட்டும் வரை சுருட்டி, தோளருகே ஒரு கையும் இடுப்பருகே ஒரு கையுமாகப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

இந்த நோயாளி வலது முட்டியை மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்றி, முகவாயை மார்போடு சேர்க்கட்டும். இடது கையை அவர் வயிற்றின் மேல் வையுங்கள். "மூணு சொன்னதும் காலை உந்துங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, ஒருவர் மட்டும் எண்ணுங்கள். மூன்றில், உங்கள் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றுங்கள். கைகள் இழுப்பதில்லை, உடல் சாய்வதில் ஷீட் நகர்கிறது. ஒரே மூச்சில் முழுத் தொலைவும் போக வேண்டியதில்லை, ஒரு சாண் வீதம் இரண்டு மூன்று தடவையாகப் போகலாம். ஷீட் மெத்தையைவிட்டு மேலே எழும்பினாலோ, உங்கள் குதிகால் தூக்கிக்கொண்டாலோ, மூச்சை அடக்க வேண்டியிருந்தாலோ, நீங்கள் நகர்த்தவில்லை, தூக்குகிறீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்தி மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள். சற்றும் ஒத்துழைக்க முடியாதவர் என்றால் வழுக்கு விரிப்போடு இரண்டு மூன்று பேர் வேண்டும், 90 கிலோவைத் தாண்டியவருக்கு மூன்று பேராவது வேண்டும். ஆள் இல்லை என்று தனியாக இழுப்பதை எந்த மேற்பார்வையாளரும் உங்களிடம் எதிர்பார்க்கக்கூடாது.

இரவு டியூட்டி முடியும்போது உங்களுக்கு வலிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பின்னிரவில் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்ததும் ஸ்பாஞ்ச் பாத், ஷீட் மாற்றுதல் என்று உடனே குனிகிறீர்களா? படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் அரை மணி நேரத்தில் குனிவது அவற்றுக்கு அதிக அழுத்தம் தரும். முதலில் தெர்மாமீட்டர், பி.பி., சார்ட் போன்ற நிமிர்ந்து செய்யும் வேலைகளை எடுத்துக்கொண்டு, குனியும் வேலையைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.

பிடித்துக்கொண்ட இடுப்புக்கு முழு ஓய்வு தேவையில்லை. நாள் கணக்கில் படுத்துக் கிடப்பது வலியை நீட்டிக்கும். வெந்நீர் ஒத்தடமும் மெதுவான நடையும் போதும், பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகும். வலி காலுக்குள் இறங்கி முழங்காலைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதம் தொங்கினாலோ, சிறுநீர் வராமல் தடைப்பட்டாலோ, தன்னை அறியாமல் கழிந்தாலோ, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனாலோ, டியூட்டி முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ஏனெனில் நசுங்கிய நரம்பு மீள்வதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் உண்டு.